டிரெய்ன் பைப் குழி: திரும்பப் போட எவ்வளவு மண்?

"18 மீட்டர் நீளம், 45 செமீ அகலம், 110 மிமீ பைப். குழி ஆழம் வீட்டுப் பக்கம் 60, சேம்பர் பக்கம் 90 செமீ. பைப் கனஅளவை மட்டும் கழிச்சா 5.9 கன மீட்டர் மண் திரும்பப் போகணும், சரியா?"

இல்லங்க, மணலை விட்டுட்டீங்க. சராசரி ஆழம் 75 செமீ, தோண்டுறது 6.08 கன மீட்டர் வரும், அது சரி. ஆனா பைப்புக்கு அடியில 10, மேல 10 செமீ மணல் போட்டா பைப்போட சேர்த்து 31 செமீ போயிடும், மிச்சம் 44 செமீக்குத்தான் மண்ணு, அதாவது சுமார் 3.6. மணல் 2.3 வேணும், இறுக்கினா அமுங்கும், கொஞ்சம் கூடவே வாங்குங்க.

18 மீட்டருக்கு 30 செமீ இறக்கம்னா 60க்கு 1, போதும். சரிவை குழியோட அடியிலயே வெட்டிடுங்க, மணலை ஏத்தி இறக்கி சமாளிச்சா பின்னாடி அமுங்கி பைப் தொய்யும், அங்கதான் அடைக்கும்.