வட்டத்துக்குள் ஒரு புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அச்சு வருவதற்கு முன், நபிமொழிகளைத் தொகுத்த ஹதீஸ் நூல்கள் பல நூறு ஆண்டுகள் கையால் படியெடுக்கப்பட்டே பரவின. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினால் பிழை பெருகிக்கொண்டே போகாதா? ஒரு படியை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

ஜ., கீழக்கரை

அன்புள்ள ஜ.,

பெருகத்தான் செய்யும். அரபியில் பா, தா, ஸா மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளிகள்தான் அவற்றைப் பிரிக்கின்றன. அதனால் கவனமான எழுத்தர்கள் புள்ளியில்லாத எழுத்துக்கும் அடையாளம் இட்டார்கள். ஹா எழுத்தின் அடியில் அதையே சிறிதாக எழுதிவைத்தால், புள்ளி விட்டுப்போகவில்லை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனாலும் எழுதி முடித்த படியை அப்படியே ஏற்கவில்லை. மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும்; இதற்கு முகாபலா என்று பெயர். 1071இல் மறைந்த ஹதீஸ் அறிஞர் கதீப் அல்பக்தாதி சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஹதீஸ் முடியும் இடத்தில் வெற்று வட்டம் போடு. ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதற்குள் புள்ளி வை.

விட்டுப்போன சொல்லை ஓரத்தில் எழுதி, முடிவில் 'ஸஹ்ஹ', அதாவது 'சரி', என்று குறித்தார்கள். தவறான சொல்லைக் கத்தியால் சுரண்டுவதை விரும்பவில்லை. மேலே கோடு இழுப்பதே போதும் என்றார்கள். இன்று தவறாகத் தெரிவது அந்த ஹதீஸைக் கேட்டுச் சொன்ன வேறொரு அறிவிப்பாளரின் வழியில் சரியாக இருக்கலாம் அல்லவா? சுரண்டிவிட்டால் அது போனதுதான்.

இந்த இடத்தில் காகிதமும் துணைக்கு வந்தது. பழைய துணியைக் கூழாக்கி, தாளாக்கி, கஞ்சி பூசி, வழவழப்பாகத் தேய்த்துச் செய்த காகிதம் தோலைவிட மலிவு. அதோடு, தோலில் அழித்துத் திருத்தினால் எளிதில் தெரியாது, காகிதத்தில் சுரண்டினால் தெரிந்துவிடும், அதனால்தான் அப்பாசிய கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் காகிதத்தில் எழுதச் சொன்னார் என்று 1418இல் மறைந்த எகிப்திய அரசு எழுத்தர் அல்கல்கஷந்தி எழுதியிருக்கிறார்.

அடுத்தது, நூலை அதைக் கற்பிக்கும் ஆசிரியர் முன்னிலையில் உரக்க வாசிப்பது. டமாஸ்கஸில் 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான பல சுவடிகளில், வாசித்தவர் யார், கேட்டவர்கள் யார், எந்த இடம், எந்த நாள் என்ற பதிவை நூலின் ஏட்டிலேயே காணலாம். இதுதான் ஸமாஃ. பாதியில் வந்தவர் எந்தப் பகுதியைக் கேட்கவில்லை என்றும், உடன் வந்த சிறுவர்களுக்கு என்ன வயது என்றும்கூடக் குறித்தார்கள். அந்தச் சிறுவன் முதியவனாகும்போது, அதே நூலைக் கற்பிக்கும் தகுதிக்கு அந்த ஒரு வரி சாட்சி.

எல்லா நூலுக்கும் இந்தக் காவல் கிடைக்கவில்லை. கூலிக்கு விரைந்து எழுதப்பட்டுக் கடைக்குப் போன படிகள் ஏராளம். பெயரைப் பின்னால் சேர்த்த போலிப் பதிவுகளும் உண்டு. அழகான கையெழுத்தை மட்டும் வைத்து ஒரு படியை நம்பிவிட முடியாது. இணையத்தில் நூலகங்கள் ஏற்றியிருக்கும் ஹதீஸ் சுவடி எதையாவது திறந்தால், முதலில் அந்த வட்டங்களைப் பாருங்கள். நூலின் நடுவில் புள்ளிகள் நின்று, அதற்குப் பின் வெற்று வட்டங்களாகவே போனால், ஒப்பிட்டவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிந்திய பக்கங்களை வேறொரு படியோடு வைத்துத்தான் படிக்க வேண்டும்.