கனவில் எழுத்து ஏன் நிற்பதில்லை?

“கனவில் கேள்வித்தாளை வாசிக்கிறேன், வரி மாறிக்கொண்டே இருக்கிறது. மணி பார்த்தால் முள் கலங்கலாகத் தெரிகிறது. எழுந்து லைட் போடுகிறேன், எரிவதே இல்லை. அப்புறம்தான் நிஜமாகவே விழிப்பு வருகிறது. கண்ணில் கோளாறா, ஏதாவது கெட்ட சகுனமா?”

இரண்டும் இல்லை. கனவில் நீங்கள் பார்ப்பது கண் வழியாக வருவதில்லை. விழித்திருக்கும்போது ஒரு வரியை மறுபடி பார்த்தால் அதே காகிதம் அங்கே இருக்கும். கனவில் அப்படி ஒரு காகிதம் கிடையாது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மூளை அந்த வரியைப் புதிதாக உண்டாக்குகிறது. கனவு அதிகம் வரும் ‘ரெம்’ உறக்கத்தில், சற்றுமுன் பார்த்ததை மனதில் பிடித்துவைக்க உதவும் முன்மூளைப் பகுதி தணிந்து கிடக்கும். அதனால் முதல் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அது வேறு கேள்வியாகிவிடும். கடிகாரத்துக்கும் இதே கதைதான்.

விளக்கு விஷயத்தை இங்கிலாந்து உளவியலாளர் கீத் ஹெர்ன் 1981-இல் எழுதியிருக்கிறார். கனவு என்று தெரிந்தே கனவு காணக்கூடியவர்களிடம், கனவுக்குள் ஒரு சுவிட்சைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலோருக்கு வெளிச்சம் வரவில்லை. அந்த நேரத்தில் கனவுக் காட்சி எவ்வளவு பிரகாசமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் உச்ச அளவு இருக்கலாம் என்பது அவர் ஊகம். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. சிலருக்குக் கனவிலும் லைட் எரிகிறது.

உங்களுக்கு நடப்பது பொய் விழிப்பு. எழுந்துவிட்டதாகவே கனவு காண்கிறீர்கள். ரெம் உறக்கம் விடியற்காலையில்தான் நீளும், ஆகவே இதுவும் அந்நேரத்தில்தான் அதிகம் வரும்.

இதைக் கனவுக்குள்ளேயே கண்டுபிடிக்க ஒரு பழக்கம் உதவும். பகலில் பழகியதைக் கனவிலும் செய்து பார்க்க வாய்ப்பு உண்டு. பகலில் சில முறை செல்போனில் மணியைப் பாருங்கள், பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள், மறுபடி பாருங்கள். 4:10 என்று இருந்தது 4:10 ஆகவோ 4:11 ஆகவோ இருந்தால் சரி. 7:82 என்று காட்டினால் அது கனவு. இரண்டாம் முறை பார்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் முதல் முறை கனவிலும் மணி ஒழுங்காகத் தெரியலாம். ‘இப்போது நான் தூங்குகிறேனா?’ என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுப் பாருங்கள். கடமைக்குச் செய்தால் கனவிலும் கடமைக்கே செய்து, 7:82-ஐ அப்படியே ஏற்றுக்கொள்வீர்கள். கனவுதான் என்று தெரிந்த பிறகு சுவிட்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது எரியாத பயம்தான் பலருக்குக் கெட்ட கனவாக வளர்கிறது. கதவைத் திறந்து வெளிச்சமான வேறு இடத்துக்குப் போகப் பாருங்கள்.

இந்தப் பயிற்சியால் தூக்கம் கெட்டாலோ, பகலிலேயே எது நிஜம் என்ற குழப்பம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள். குழப்பம் நீடித்தால், அல்லது கனவில் செய்வதைப் படுக்கையில் கை கால் வீசி நிஜமாகவே செய்தால், டாக்டரைப் பாருங்கள். விழித்திருக்கும்போது எழுத்து திடீரென்று கலங்கினாலோ வாசிக்க முடியாமல் போனாலோ, அது கனவு விஷயமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.