நோக்கப் பிரிவில் எதை எழுதுவது, எதை விடுவது

கேள்வி: முதல்முறையாக பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்கிறேன். சிறுதானியத்தில் தின்பண்டம் செய்து விற்பதுதான் தொழில். மெமோராண்டத்தில் 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற பகுதிக்கு, நண்பர் ஒருவர் தன் கம்பெனியின் பத்துப் பக்க மாதிரியைக் கொடுத்து, எல்லாத் தொழிலையும் போட்டுவிடு, பிறகு கவலையில்லை என்கிறார். அப்படியே போடலாமா?

பதில்:

போட வேண்டாம். நான் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறேன். புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்கள் மெமோராண்டம் எனப்படும் அமைப்பு முறையேட்டில் மிகக் குறைவாகப் படிப்பது இந்தப் பகுதியைத்தான் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கம்பெனி எந்த நோக்கங்களுக்காக அமைக்கப்படுகிறது என்பதையும், அவற்றை நிறைவேற்றத் தேவையானவற்றையும் முறையேட்டில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் நிரப்பும் படிவத்தில் அது 3(a), 3(b) என்று இரண்டு பகுதிகளாக இருக்கும். முதலாவது, கம்பெனி நடத்தப்போகும் தொழில். இரண்டாவது, அந்தத் தொழிலை நடத்தத் தேவையான அதிகாரங்கள்: கடன் வாங்குதல், இடத்தை வாடகைக்கு எடுத்தல், வணிகச் சின்னத்தைப் பதிவு செய்தல் போன்றவை. 1956ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 'பிற நோக்கங்கள்' என்று மூன்றாவதாக ஒரு பகுதியும் இருந்தது. நகைக்கடை முதல் திரைப்படத் தயாரிப்பு வரை எதை வேண்டுமானாலும் அதில் அடுக்கிவைப்பார்கள். புதிய சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. உங்கள் நண்பர் தந்த மாதிரி அந்தக் காலத்து வார்ப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

3(b)யில் எழுதப்படும் அதிகாரங்கள் எவ்வளவு விரிவாக இருந்தாலும் அவை தம் காலில் நிற்பவை அல்ல, 3(a)யைத் தாங்குவதற்காக மட்டுமே இருப்பவை. இதை விளக்க, சென்னையிலிருந்தே எழுந்த ஒரு வழக்கு உண்டு. யுனைடெட் இந்தியா லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியின் முறையேட்டில், அறச்செயலுக்கோ பொதுப்பயனுள்ள செயலுக்கோ பணம் கொடுக்கலாம் என்ற அதிகாரம் எழுதப்பட்டிருந்தது. 1955ஆம் ஆண்டில், பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதலோடு, ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானதும், எல்.ஐ.சி. அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டது. லட்சுமணசுவாமி முதலியார் எதிர் எல்.ஐ.சி. என்று அறியப்படும் அந்த வழக்கில், அறச்செயலுக்குக் கொடுக்கும் அதிகாரம் கம்பெனியின் நோக்கத்தை முன்னெடுப்பதற்காக மட்டுமே உண்டு, இந்த நன்கொடைக்கும் காப்பீட்டுத் தொழிலுக்கும் அப்படியொரு தொடர்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. பணத்தைக் கொடுத்த இயக்குநர்கள் அதற்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கப்பட்டார்கள். பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் நோக்கத்துக்கு அப்பாற்பட்ட செயலைப் பங்குதாரர்கள் அனைவரும் சேர்ந்து ஒப்பினாலும் அது செல்லுபடியாகாது. இதைத்தான் வரம்பு மீறிய செயல், 'அல்ட்ரா வைரீஸ்' என்கிறார்கள். இயக்குநராகப் போகிறவர் நீங்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். பதிவுக்குப் போகும் வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பொருளை இப்படி வகுத்துக்கொள்ளலாம்: "கம்பு, கேழ்வரகு, தினை, சாமை முதலிய சிறுதானியங்கள், பிற தானியங்கள், பருப்புகள் ஆகியவற்றிலிருந்து உணவுப்பொருள்களைத் தானே தயாரித்தல், பிறரைக் கொண்டு தயாரித்தல், பிறருக்காகத் தயாரித்துக் கொடுத்தல், அவற்றைப் பதப்படுத்தல், பொட்டலமிடுதல், சேமித்தல், மொத்தமாகவும் சில்லறையாகவும், கடை வழியாகவும் இணையம் வழியாகவும் வாங்குதல், விற்றல், ஏற்றுமதி, இறக்குமதி செய்தல்."

இதில் தொழில் ஒன்றுதான். ஆனால் அந்தத் தொழிலின் நீளம் முழுவதும், தானியம் வாங்குவதிலிருந்து பொட்டலம் வாடிக்கையாளர் கைக்குப் போவது வரை, உள்ளே வந்துவிடுகிறது. 'தின்பண்டம் தயாரித்து விற்றல்' என்று மட்டும் எழுதியிருந்தால், நாளைக்கு வேறொரு கம்பெனியின் பெயரில் சத்துமாவு அரைத்துக் கொடுக்க ஆர்டர் வரும்போது, அது இதில் அடங்குமா என்று யோசிக்க வேண்டிவரும். அதனால் நீளத்தில் தாராளமாக இருங்கள், தொடர்பில்லாத தொழில்களைப் பக்கத்தில் ஒட்டவைக்காதீர்கள்.

உங்கள் நிலையில் சிலர் விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதையும் 3(a)யில் சேர்க்க ஆசைப்படுவார்கள். சாமை பயிரிடுபவருக்கு விளைச்சலுக்கு எதிராக முன்பணம் கொடுப்பது உங்கள் கொள்முதலின் ஒரு பகுதிதான். அதற்கு 3(b)யில் ஒரு வரி போதும். வட்டிக்குக் கடன் கொடுப்பதை 3(a)யில் தொழிலாக எழுதினால், அது ரிசர்வ் வங்கியின் பதிவு தேவைப்படும் நிதித் தொழிலாகப் பார்க்கப்படும். இப்படி ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டிய நோக்கம் இருந்தால், அந்த அனுமதியைப் பெற்ற பிறகே தொடங்குவேன் என்று பதிவின்போதே உறுதி தர வேண்டும். பதிவான 180 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டிய INC-20A என்ற தொழில் தொடக்க அறிவிப்போடு அந்த அனுமதியையும் இணைக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர், மாதிரியில் இருந்த 'நிதியுதவி செய்தல்' என்ற சொல்லை நீக்க மறந்து அனுப்பியிருந்தார். படிவம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பியபோதே பதிவானது.

கம்பெனிப் பதிவுக்கான SPICe+ படிவத்தில் தொழிலுக்கான NIC குறியீட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உணவுப்பொருள் தயாரிப்பு 10ஆம் பிரிவிலும், சில்லறை விற்பனை 47ஆம் பிரிவிலும், உணவகம் 56ஆம் பிரிவிலும் வருகின்றன. 3(a) தயாரிப்பைச் சொல்ல, குறியீடு உணவகத்தைச் சொன்னால் விண்ணப்பம் திரும்பி வரும். பெயரும் அப்படியே. 'ஃபுட்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டு நோக்கத்தில் மென்பொருள் எழுத முடியாது. பெயரைத் தனியாக ஒதுக்கிக்கொண்டால் அது 20 நாள்களுக்கே உங்களுடையது என்பதால், பெயருக்கு விண்ணப்பிக்கும் முன்பே நோக்க வாசகத்தைத் தயாராக வைத்திருங்கள்.

சிறுதானிய உணவகம் ஒன்றும் திறக்கும் எண்ணம் இரண்டொரு ஆண்டுகளுக்குள் இருந்தால், அதையும் இப்போதே 3(a)யில் தனி வாக்கியமாக எழுதிவிடலாம், உணவுத் தொழிலோடு அது பொருந்தும். எண்ணம் பிறகு வந்தாலும் கெட்டுப்போவதில்லை. 13ஆம் பிரிவின்படி பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டு, அதாவது எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்கு ஆதரவு பெற்று, அந்தத் தீர்மானத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் MGT-14 படிவத்தை 30 நாள்களுக்குள் தாக்கல் செய்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டே பங்குதாரர்கள் உள்ள கம்பெனிக்கு அது கடினமான வேலை அல்ல. ஆனால் கம்பெனிப் பதிவாளர் அந்த மாற்றத்தைப் பதிந்து சான்று தரும்வரை அதற்கு எந்தப் பலனும் இல்லை என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகையால் உணவகத்துக்கான வாடகை ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயரில் கையெழுத்திடுவதை அந்தச் சான்று கைக்கு வரும்வரை தள்ளிவையுங்கள்.