எந்த சைட், எந்த ஷிப்ட்? கேட்கலாமா?

கேள்வி: ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு இன்டர்வியூ முடிந்தது. "செலக்ட் ஆகிட்டீங்க, திங்கட்கிழமை வாங்க" என்றார் கான்ட்ராக்டர். எந்த இடம், எந்த ஷிப்ட் என்று கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கேளுங்கள் அம்மா. திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே கேளுங்கள். நான் சில வருடம் இப்படி ஆட்களை சைட்டுக்கு அனுப்பும் ஃபீல்டு ஆபீசராக இருந்தவன். கேட்டவரை யாரும் தள்ளியதில்லை. எங்களுக்குத் தலைவலி, சேர்ந்து மூன்றாம் நாள் சொல்லாமல் நின்றுவிடுகிறவர்தான்.

ஆனால் "எந்த சைட்?" என்று மட்டும் கேட்டால், வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "அங்கே இப்போது இடம் காலியா, இல்லை என்னை ரிசர்வில் வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ரிசர்வ் என்றால் யார் லீவு போடுகிறாரோ அவர் இடத்துக்கு உங்களை அனுப்புவார்கள். இன்று ஓர் ஆஸ்பத்திரி, நாளை ஒரு ஆபீஸ். யாரும் லீவு போடாத நாளில் உங்களுக்கு டூட்டி கிடையாது, பல இடங்களில் சம்பளமும் கிடையாது. இன்னொன்று, இன்டர்வியூ எடுத்தவருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். அப்போது சைட் போடுகிறவரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் விஷயத்தில் "செகண்ட் ஷிப்ட்" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். மதியம் 2 முதல் இரவு 10 வரை என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு மாப், பக்கெட்டைக் கழுவி வைத்து, சூப்பர்வைசரிடம் சாவி கொடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, கேட்டில் பையைக் காட்டி வெளியே வர 10.20 ஆகிவிடும். உங்கள் கடைசி பஸ் 10.15 என்றால் அந்த சைட் உங்களுக்கு ஆகாது. இதை இப்போதே சொன்னால் காலை ஷிப்டுள்ள இடமாகப் பார்ப்பார்கள். சேர்ந்த பிறகு சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பார்கள்.

செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள் இதோடு, 8 மணி நேரமா 12 மணி நேரமா, அடுத்த ஷிப்ட் ஆள் வராவிட்டால் யார் நிற்பது என்றும் கேட்க வேண்டும். மாற்று ஆள் வராமல் போஸ்ட்டை விட்டு நகர முடியாது. இரவு முழுக்க நின்றவரையே பகலுக்கும் நிறுத்திய சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

வாயால் கேட்டுவிட்டு, அன்றே ஒரு வாட்ஸ்அப்பும் போடுங்கள்: "சார், திங்கட்கிழமை இந்த சைட், காலை 6 முதல் 2, ஞாயிறு வீக்லி ஆஃப் என்று சொன்னீர்கள். சரிதானே?" அவர் ஒரு 'ஓகே' போட்டால் போதும். பதிலே வராவிட்டால் ஒரு போன் போடுங்கள். அதற்கும் மழுப்பினால் பெரும்பாலும் ரிசர்வ்தான். அந்த 'ஓகே' வரும் வரை யூனிஃபார்முக்குப் பணம் கட்டாதீர்கள், ஒரிஜினல் சான்றிதழையும் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும்.