பறிப்பதற்கு முன்பே விற்றுவிடுங்கள்

கேள்வி: பாகூர் பக்கம் 20 சென்டில் வெண்டை போட்டிருக்கிறேன். மண்டிக்குப் போகாமல், வாட்ஸ்அப் குழு வைத்துப் புதுச்சேரி வீடுகளுக்கே விற்க முடியுமா?

முடியும், ஆனால் முழுவதையும் அல்ல. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். தவறினால் நார் ஏறிவிடும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று முறியாமல் வளைந்தால், அது முற்றல். நல்ல காய்ப்பில் ஒரு பறிப்புக்கு 40 கிலோ வரலாம். குழுவில் 30 வீடுகள் அரைக் கிலோ வீதம் வாங்கினாலும் 15 கிலோதான் போகும். மறுநாளுக்கு மறுநாள் அதே வீட்டில் மீண்டும் வெண்டைக் குழம்பா வைப்பார்கள்?

முதல் வருடம் நானும் இதில்தான் அடிபட்டேன். இப்போது 5 சென்டில் மட்டும் வெண்டை. மீதியில் கத்தரி, கொத்தவரை, கீரை. முந்தைய நாள் மாலை 7 மணிக்கு ஆர்டரை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் கணக்குப்படி பறிக்கிறேன். வீடு வீடாக அலைந்தால் லாபம் பெட்ரோலுக்கே போய்விடும். ஒரே குடியிருப்பு வாசலில் இறக்குங்கள். விலைக்கு, கடலூர் உழவர் சந்தைப் பலகையைப் பார்த்துச் சற்றுக் கூட்டிச் சொல்லுங்கள். மண்டிக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், பள்ளி விடுமுறையில் பாதி வீடுகள் ஊருக்குப் போய்விடும்.