தோற்றதையும் சொல்லி ஒருவரை அறிமுகம் செய்வது எப்படி? – கேள்வி பதில்

நாகர்கோவில் கல்லூரி ஆசிரியை: சார், இஸ்ரோ முன்னாள் தலைவர் சிவன் மாதிரி ஒருவரைத் துறை விழாவுக்குக் கூப்பிட்டால், அறிமுகத்தில் சந்திரயான்-2 பற்றிப் பேசலாமா? அவர் மனம் புண்படாதா?

பேசுங்கள். சந்திரயான்-2இன் லேண்டர் நிலவில் இறங்கவிருந்த அந்த ராத்திரி நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நீங்கள் அதை விட்டுவிட்டால் அரங்கில் இருப்பவர்களுக்கு அதுதான் ஞாபகத்தில் நிற்கும், கூடவே "ஏன் மறைக்கிறார்கள்" என்ற கேள்வியும் வரும். அதை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வரியில் வேண்டாம், அப்புறம் அவர் அந்தத் தோல்வியின் ஆளாகவே மேடையேறுவார். கடைசி வரியிலும் வேண்டாம், அங்கே வரும் கைதட்டு எதற்கு என்று யாருக்கும் புரியாது. வருஷ வரிசையில் அது எங்கே வருகிறதோ அங்கேயே வரட்டும். சிவன் விஷயத்தில் சொந்த ஊர் சரக்கல்விளை, தமிழ் வழி அரசுப் பள்ளி, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தது, பிஎஸ்எல்வி ராக்கெட் திட்டம், 2015இல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர், 2017 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள், 2018 ஜனவரியில் இஸ்ரோ தலைவர். இதில் நாலைந்தை எடுத்துச் சொல்லிவிட்டு இப்படிப் போகலாம்:

"2019 செப்டம்பர் 7 அதிகாலை, விக்ரம் லேண்டர் நிலவின் தரைக்குச் சுமார் 2.1 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது தொடர்பு அறுந்தது. தரையிறக்கம் தோற்றது. அப்போது இஸ்ரோ தலைவர் இவர். அதே பயணத்தில் போன ஆர்பிட்டர் தொடர்ந்து நிலவைச் சுற்றியது, 2023இல் சந்திரயான்-3 தரையிறங்கப் போன நேரத்தில் அந்த லேண்டரோடு தொடர்பும் கொண்டது. இன்று இவர் பேசப்போவது..."

அவ்வளவுதான், நிதானமாகப் படித்தாலும் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். "தோற்றது" என்று ஒரே சொல்லில் சொல்லியாகிவிட்டது, "எதிர்பாராத பின்னடைவு" என்று சுற்றி வளைக்கவில்லை. அன்று அழுத சிவனைப் பிரதமர் கட்டியணைத்த காட்சியையும் நான் வேண்டுமென்றேதான் விட்டேன். அதைச் சொன்னால் மேடையில் உட்கார்ந்திருப்பவர் அந்த அழுகையை எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை அழ வேண்டியிருக்கும். அப்புறம் "ஆனாலும் மனம் தளராமல்" என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதுவுமே வேண்டாம், அது ஆறுதல் சொல்வது மாதிரி ஆகிவிடும். ஆறுதல் கேட்டு அவர் உங்கள் கல்லூரிக்கு வரவில்லை.

எழுதியதை இரண்டு நாள் முன்னால் அவருக்கோ அவர் உதவியாளருக்கோ அனுப்பிவிடுங்கள். தேதியும் பதவியும் சரியா என்று கேட்கிற சாக்கில் அனுப்பினால் போதும், அவருக்கு உறுத்தும் வார்த்தை ஏதாவது இருந்தால் அவரே சொல்வார்.

திருச்சியிலிருந்து ஒருவர்: 98 சதவீத வெற்றி என்று சிவனே அப்போது சொன்னாரே? அதையே போட்டால் பிரச்சினையே இல்லையே.

பாதி சரி. அவர் சொன்னது உண்மை, ஆர்பிட்டர் நன்றாக வேலை செய்ததும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கு அப்போதே விமர்சனத்துக்கு உள்ளானது. அதே 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த எழுத்துப்பூர்வ பதில், இறக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் வேகக் குறைப்பு திட்டமிட்ட அளவிலிருந்து விலகியதால், லேண்டர் குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் மோதி இறங்கியது என்று நேராகவே சொன்னது. அவர் வாயில் 98 என்பது தன் வேலையைப் பற்றி அவர் போட்ட மதிப்பெண். உங்கள் வாயில் வந்தால் நீங்கள் கொடுத்த தீர்ப்பாகிவிடும், பின்வரிசையில் யாராவது கட்டாயம் சிரிப்பார்கள். சதவீதமே வேண்டாம். லேண்டர் தோற்றது, ஆர்பிட்டர் தொடர்ந்து சுற்றியது. கூட்டிக் கழிப்பதைக் கேட்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கோவை, வாசகர் வட்டப் பொறுப்பாளர்: இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் போன்றவர் வந்தால்? அவர் எதிலும் தோற்கவில்லை, பொய் வழக்கு. அதையும் இதே போல ஒரு வரியில் சொல்லிவிடலாமா?

இல்லை, இங்கே வாக்கியத்தையே வேறு மாதிரி அமைக்க வேண்டும். "1994இல் உளவு வழக்கில் கைது செய்யப்பட்டார்" என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் "பின்னர் விடுவிக்கப்பட்டார்" என்றால், முதல் வாக்கியம்தான் காதில் தங்கும். "விடுவிக்கப்பட்டார்" என்பதற்கும் ஆதாரம் போதாமல் தப்பித்தவர் என்ற வாடை உண்டு. முடிவையும் கைதையும் ஒரே வாக்கியத்தில், முடிவை முன்னால் வைத்துச் சொல்லுங்கள்: "பொய்யென்று 1996இல் சிபிஐயே அறிக்கை கொடுத்த ஒரு வழக்கில் 1994இல் கைதானவர், அந்தக் கைதே தேவையற்றது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லி 50 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது." அடுத்து 2019 பத்மபூஷண். பிறகு அவருடைய உண்மையான வேலையான திரவ எரிபொருள் எஞ்சினுக்கு வந்துவிடுங்கள், அதற்கு வழக்கைவிட அதிக நேரம் கொடுங்கள். "களங்கம் துடைத்தவர்" என்ற சொல் வேண்டாம், களங்கம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

விருதுநகரிலிருந்து ஒரு தம்பி: என் சித்தப்பா தீப்பெட்டித் தொழிலில் நொடித்துப்போய் மறுபடி எழுந்தவர், சார். வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் அவரை நான்தான் அறிமுகம் செய்யணும். ஊருக்கே தெரிந்த விஷயம், விட்டுவிடலாமா?

முதலில் அந்த அரங்கில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசியுங்கள், தம்பி. சித்தப்பாவிடம் பணம் போட்டு இன்னும் திரும்ப வராதவர் ஒருவர் இருந்தாலும், நீங்கள் "மீண்டு எழுந்தவர்" என்று சொன்ன அடுத்த நிமிஷம் அவர் எழுந்து நிற்பார். பாக்கி எல்லாம் தீர்ந்துவிட்டதென்றால் "தொழில் நின்றது, கடனை முழுக்க அடைத்தார், அப்புறம் மறுபடி தொடங்கினார்" என்று தாராளமாகச் சொல்லலாம். தீரவில்லையென்றால் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், அது அவர் தன் வாயால் சொல்ல வேண்டியது. எது நிலைமை என்று சித்தப்பாவிடமே கேளுங்கள், மருமகன், மாப்பிள்ளை என்று யாரையும் நடுவில் விடாமல் நேரில் கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் சொந்தக்காரர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர் போடாதவர்: தப்பு செய்தவரை எதுக்கு மேடையேத்தணும்? அதைப் பேசுங்க முதல்ல.

அது அழைப்பு அனுப்பும் முன் விழாக் குழு பேச வேண்டியது. மைக்கைப் பிடித்த பிறகு அதைப் பேசினால், விருந்துக்குக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி வைத்த கதைதான். குழுவில் இருந்தால் அங்கே சண்டை போடுங்கள், தோற்றால் அறிமுகம் செய்யும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

சென்னை, நிகழ்ச்சித் தொகுப்பாளர்: வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது, பேச்சாளரும் "அதைத் தொடவே கூடாது" என்கிறார். என்ன செய்வது?

பேச்சின் தலைப்புக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லையென்றால் அவர் சொன்னபடி விட்டுவிடலாம். ஆனால் வழக்கு நடக்கும் அதே பதவியைப் புகழ்ந்து நாலு வரி படிக்கக் கூடாது, அந்தப் பதவியின் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லிக் கடந்துவிடுங்கள். சம்பந்தம் உண்டு என்றால், "இது தொடர்பான வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை" என்று அறிவிக்கவாவது அவர் சம்மதிக்க வேண்டும் என்று கேட்பேன்.

அதே தொகுப்பாளர்: அப்படி அறிவித்தால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடுமே சார். எனக்கு ஒப்பவில்லை.

தெரிந்துவிடும்தான். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து கேட்டுத் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் கேள்வி நேரமே இல்லாத கூட்டம் என்றால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அங்கே நானும் யோசிப்பேன்.