ஆலோசகருக்கு எழுதும் கடிதத்தில் கார்டு கடனைச் சொல்லலாமா?

"வயது 47, அலுவலகத்தில் கிளார்க். வருமானம், கடன், லட்சியம், கவலை எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொல்கிறார் நிதி ஆலோசகர். கார்டு கடனையும் எழுதத்தான் வேண்டுமா? கூச்சமாக இருக்கிறது."

எழுதுங்கள். அதைத்தான் முதலில் எழுத வேண்டும். நானும் கிளார்க்தான். நான் மறைத்தேன், அதனால் ஆறு மாதம் வீணானது.

தொகைகளை வெளியில் சொல்ல மனமில்லை. கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நான் எழுதியது 130. அது பிடித்தம் போகும் முன் உள்ள தொகை. வீட்டுக் கடனை எழுதினேன், கார்டு பாக்கியான 200ஐ விட்டுவிட்டேன். சரி, இவருக்கு மிச்சம் இருக்கிறது என்று நம்பிய ஆலோசகர், ஓய்வுக்காலத்துக்கு மாதம் 15 சேமிக்கச் சொன்னார். சேமித்தேன். அந்த 15 இல்லாமல் மாதக் கடைசி ஓடாது, அதனால் அதே அளவுக்குக் கார்டைத் தேய்த்தேன்.

வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். 200க்கு 10 கட்டினால் 6 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 4தான். அதன் மேல் புதிதாக 15 ஏறுகிறது. ஆறு மாதத்தில் சேமிப்பு 90 ஆனது, கடன் 260ஐத் தாண்டியது.

கார்டே வாங்கியிருக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டாவது கடிதத்தை இரவு உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு கடனுக்கும் இன்றைய பாக்கி, வட்டி, மாதத் தவணை, இன்னும் எத்தனை மாதம் என்று நான்கையும் எழுதினேன். மகளின் படிப்புக்கு மூன்று ஆண்டு, என் ஓய்வுக்குப் பதினோரு ஆண்டு என்று கெடுவும் போட்டேன். கவலை என்ற இடத்தில், "20ஆம் தேதிக்கு மேல் போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது" என்று எழுதினேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் 20ஆம் தேதிக்கு மேல் என்ன செலவு வருகிறது என்று அவர் கேட்டார்.

அப்புறம் சேமிப்பை நிறுத்திவிட்டு, இருந்த 90ஐயும் எடுத்துக் கார்டில் கட்டச் சொன்னார். மாதச் செலவுக்கு அந்த 15 கையில் நின்றது, கார்டைத் தொடவில்லை. மீதி 170 சொச்சம். பாக்கி குறையக் குறைய பில்லில் குறைந்தபட்சத் தொகையும் குறையும், அதைப் பார்த்துக் குறைத்துக் கட்டாதீர்கள் என்றார். மாதம் 13 என்று மாறாமல் கட்டி 18 மாதத்தில் முடித்தேன்.

யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பக்கத்து மேசைக்காரருக்காக நான் போட்டேன். அவர் தவணையை நிறுத்தியதும் கடிதம் எனக்கு வந்தது. இன்று அவர் எனக்கு மேலதிகாரி, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே இருந்தவர் அவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கடிதத்தில் தேதி போட மறக்காதீர்கள். அடுத்த பில் வந்தால் பாக்கித் தொகை மாறிவிடும்.